அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வக்காலத்து: நடுவில் ஒருவர் வாய் திறந்தால்

கேள்வி: "பாகப்பிரிவினை வழக்கில் இரண்டு பிரதிவாதிகளுக்கும் நாங்கள்தான் வக்கீல். உயில் இருப்பதாக ஒரே பதிலுரை போட்டிருக்கிறோம். இப்போது அதில் ஒருவர் தனியாக வந்து, அந்த உயில் பொய் என்கிறார். என்ன செய்வது?"

நான் ஜூனியராக இருந்தபோது குழித்துறைப் பக்கம் ஏறக்குறைய இதே மாதிரி ஒன்று வந்தது. அக்கா மூன்றில் ஒரு பங்கு கேட்டு வழக்குப் போட்டிருந்தார், சொத்து கொஞ்சம் ரப்பர் தோட்டமும் ஒரு ஓட்டு வீடும். அப்பா எல்லாவற்றையும் மகன்களுக்கே எழுதிவிட்டார் என்று அண்ணனும் தம்பியும் சேர்ந்து பதிலுரை போட்டு, அசல் உயிலையும் கோர்ட்டில் தாக்கல் செய்திருந்தார்கள். பிரதிவாதி தரப்பு சாட்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு சாயங்காலம் தம்பி மட்டும் ஆபீசுக்கு வந்து, வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சாரே, அந்த ஒப்பு அப்பா போட்டதில்லே. அண்ணன் போட்டது. எனக்கு ராத்திரி உறக்கம் வரல்ல."

சீனியர் உடனே கேட்டது, "இதை அண்ணன் முன்னால் சொல்லுவீங்களா?" என்றுதான். தம்பி தலையை ஆட்டிவிட்டார், முடியாது என்று.

இங்கே இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன, அவற்றைக் கலந்துவிடக் கூடாது. முதலாவது, தம்பி சொன்னது உண்மையா என்று நமக்குத் தெரியாது. அக்காவோடு தனியாகப் பேசி முடித்துக்கொண்டுகூட வந்திருக்கலாம். ஆனால் உண்மையோ பொய்யோ, உயில் நிலைத்தால் அண்ணனுக்கு லாபம், உயில் விழ வேண்டும் என்று தம்பி நினைக்கிறார். இருவருக்கும் ஒருவரே வாதாட முடியாது. அண்ணனைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தம்பியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும், அதற்குக் கையில் இருப்பது தம்பி நம்பிச் சொன்னதுதான். அந்த நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்று பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதிகளே சொல்கின்றன. ஆக, முரண்பாடு ஏற்பட உண்மை நிரூபணமாக வேண்டியதில்லை, இரண்டு பேர் நலனும் பிரிந்தாலே போதும்.

இரண்டாவது, கோர்ட்டுக்கான கடமை. உயிலை நிரூபிக்கச் சான்றொப்பம் போட்டவர் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும், அண்ணனுடைய சாட்சியத்தை எழுத்தில் கொடுக்கும் புரூஃப் அஃபிடவிட்டும் நம் ஆபீசில்தான் தயாராகும். பொய் என்று நம்ப வலுவான காரணம் இருக்கும்போது அதைத் தயாரித்துக் கொடுத்தால், கட்சிக்காரரின் முறைகேட்டைத் தடுக்க முயல வேண்டும், பிடிவாதம் பிடித்தால் அவருக்காக ஆஜராக மறுக்க வேண்டும் என்ற விதியை நாமே மீறுகிறோம். சீனியர் அண்ணனைத் தனியாக அழைத்து, தம்பி பேச்சையே எடுக்காமல், "இந்த உயிலைச் சாட்சியம் மூலம் கொண்டுவருவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது, ஒருமுறை யோசித்துப் பாருங்கள்" என்றார். அண்ணன் அசையவில்லை.

சரி, அப்படியானால் நேரே ஜட்ஜிடம் போய்ச் சொல்லிவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. சீனியர் ஒத்துக்கொள்ளவில்லை. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, இப்போது அது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 132-வது பிரிவில் வருகிறது. இனிச் செய்யப்போகும் மோசடிக்கு நம் உதவியைக் கேட்டு ஒருவர் சொன்னால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் தம்பி உதவி கேட்டு வரவில்லை, நாம் பொறுப்பேற்பதற்கு முன்னால் நடந்த ஒன்றை மனம் பொறுக்காமல் சொன்னார். அதனால் வாய் மூடியிருப்பது, பொய்யை முன்வைக்காமலும் இருப்பது, இரண்டையும் ஒருசேரச் செய்ய ஒரே வழி விலகுவதுதான்.

விலகுவதிலும் தப்பு செய்ய இடம் இருக்கிறது. வக்காலத்து நம் இஷ்டத்துக்கு முடிந்துவிடாது, சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 3 விதி 4-ன்படி கோர்ட் அனுமதி வேண்டும். நிறையப் பேர் இந்த மாதிரி நேரத்தில் 'நோ இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்', அதாவது கட்சிக்காரரிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை, என்று மெமோ போட்டுவிடுகிறார்கள். கட்சிக்காரர் நம்மோடு தொடர்பில் இருக்கும்போது அப்படி எழுதுவதே கோர்ட்டிடம் பொய் சொல்வது. சீனியர் "தொழில்முறைக் காரணங்களால் தொடர இயலவில்லை" என்று மட்டும் எழுதினார், முன்பே இருவருக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பி, வேலை செய்யாத பகுதிக்கான ஃபீசையும் வழக்குக் கட்டையும் திருப்பிக் கொடுத்தார். ஃபீஸ் பாக்கி என்று கட்டைப் பிடித்து வைக்கவும் கூடாது, 2000-ல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

உங்களுக்கும் இதே வரிசைதான். இன்னும் சாட்சி தொடங்கவில்லை என்றால் இப்போதே விலகுங்கள், வாய்தாவுக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள், புது வக்கீல் கட்டைப் படிக்க நேரம் வேண்டும்.

அப்புறம் ஒரு வாரத்தில் தம்பி மறுபடியும் வந்தார். "எனக்கு மட்டும் நடத்தித் தாருங்க சாரே, உண்மைதானே நான் சொல்லுதேன்" என்று கெஞ்சினார். அண்ணனுக்காக ஆஜராகிவிட்டு அதே வழக்கில் அவருக்கு எதிராக நிற்க பார் கவுன்சிலின் 33-வது விதி இடம் கொடுக்காது. சீனியர் அவரை உட்கார வைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து, மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். அண்ணனின் புது வக்கீல் போன் செய்து ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோதும், "காரணம் இருக்கிறது, சொல்ல இயலாது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.