அயர்லாந்துக்கு விண்ணப்பிக்கும் நர்ஸ்: கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

மதுரையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கிறாள். அயர்லாந்து நர்சிங் வாரியமான என்.எம்.பி.ஐ.யிடமிருந்து ‘டெசிஷன் லெட்டர்’ வந்துவிட்டது. பெரியப்பா எம்.எஸ்சி. நர்சிங் படிக்கச் சொல்கிறார். மாமாவோ, ஆறு லட்சம் கொடுத்தால் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட் ஒருவரை அழைத்து வந்திருக்கிறார்.

அம்மா, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் அந்த இரண்டுமே வேண்டாம். எம்.எஸ்சி. பெரும்பாலும் கல்லூரி ஆசிரியர் வேலைக்கான படிப்பு. உங்கள் மகளோ நோயாளி பக்கத்தில் நிற்கவே விரும்புவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கையில் டெசிஷன் லெட்டர் இருக்கும்போது ஸ்டாஃப் நர்ஸ் வேலையிலிருந்து இரண்டு வருடம் விலகுவது நஷ்டம். ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். இந்தியச் சட்டப்படி பதிவுபெற்ற ஏஜென்டே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அயர்லாந்து மருத்துவமனைக்கு அவளே நேரடியாக விண்ணப்பக் கடிதம் எழுதலாம்.

அவள் எழுதிய கடிதத்தைப் பார்த்தேன். முதல் பத்தி முழுவதும் சேவை மனப்பான்மை பற்றியது. அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். அங்கே நர்சிங் பிரிவுக்குப் பொறுப்பாக இருப்பவர் ‘டைரக்டர் ஆஃப் நர்சிங்’. கடிதம் அவர் பெயருக்குப் போக வேண்டும். எந்த வேலைக்கு, எந்தப் பிரிவுக்கு என்பது முதல் வரியிலேயே வர வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

அடுத்தது பதிவு. “நான் என்.எம்.பி.ஐ.யில் பதிவு பெற்றவள்” என்று எழுதியிருக்கிறாள். இது தவறு. டெசிஷன் லெட்டர் என்பது பதிவு அல்ல. பதிவு கிடைப்பதற்கு முன் எதை முடிக்க வேண்டும் என்று வாரியம் சொல்லும் கடிதம் அது. அவளுக்கு இரண்டு வழி கொடுத்திருக்கிறார்கள்: ஒரு மருத்துவமனையில் மேற்பார்வையின்கீழ் சில வாரங்கள் அடாப்டேஷன் பயிற்சி, அல்லது டப்ளினில் ஆர்.சி.எஸ்.ஐ. என்ற மருத்துவப் பல்கலைக்கழகம் நடத்தும் ஆப்டிட்யூட் தேர்வு. தேர்வில் எழுத்தும் உண்டு, செய்முறையும் உண்டு. எந்த வழி என்று அவள் கடிதம் சொல்லாவிட்டால் மருத்துவமனையால் திட்டமிட முடியாது, ஏனென்றால் அடாப்டேஷனுக்கான இடத்தையும் மேற்பார்வையாளரையும் அவர்கள்தான் ஒதுக்க வேண்டும். ஆகவே இந்தப் பொருளில் சில வரிகள் போதும்: “தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்கிறேன், எண் இது. என்.எம்.பி.ஐ. டெசிஷன் லெட்டர் இந்தத் தேதியில் கிடைத்தது. அடாப்டேஷன் வழியைத் தேர்ந்தெடுக்கிறேன்.” ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதிய தேதியையும் கூடவே சொல்ல வேண்டும்.

அனுபவப் பகுதியில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் தடுமாறுகின்றன. அவள் ஜூன் 2022-இல் சேர்ந்தாள். கடிதத் தேதி ஏப்ரல் 2025. “2 ஆண்டு 10 மாத ஐ.சி.யூ. அனுபவம்” என்று எழுதியிருக்கிறாள். அனுபவச் சான்றிதழோ முதல் ஆறு மாதத்தைப் பயிற்சிக் காலம் என்கிறது. ஸ்டாஃப் நர்ஸ் பதவி டிசம்பர் 2022-இல்தான் தொடங்குகிறது. அயர்லாந்து மருத்துவமனை கடிதத்தைச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஆறு மாதம் இடிக்கும், பொய் சொன்னதுபோலத் தோன்றும். “பயிற்சி நர்ஸாக 6 மாதம், ஸ்டாஃப் நர்ஸாக 2 ஆண்டு 4 மாதம்” என்று பிரித்து எழுதினால் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

“எல்லா வகை நோயாளிகளையும் கவனித்தேன்” என்ற வரியிலிருந்து படிப்பவருக்கு எதுவும் கிடைக்காது. ஐ.சி.யூ.வில் எத்தனை படுக்கை, ஒரு டூட்டியில் அவள் பொறுப்பில் எத்தனை பேர், வென்டிலேட்டர் நோயாளியிடம் அவள் தானே செய்தது என்ன, டாக்டர் இருக்கும்போது மட்டும் செய்தது என்ன என்று எழுதட்டும். சக்‌ஷன் போடுவது, ஆர்ட்டீரியல் லைனிலிருந்து ரத்தம் எடுப்பது, இன்ஃப்யூஷன் பம்ப்பில் மருந்தின் அளவை மாற்றுவது போன்றவை. தனியாகச் செய்யாததைச் செய்ததாக எழுதவே கூடாது. இன்டர்வியூவில் அதிலிருந்துதான் கேள்வி வரும், அடாப்டேஷனில் அதைக் கண்முன்னே செய்து காட்டவும் நேரும்.

இடம்பெயரத் தயார் என்பதற்கு “எப்போது வேண்டுமானாலும் வருவேன்” என்று எழுதியிருக்கிறாள். அவளுடைய நோட்டீஸ் காலம் மூன்று மாதம். அதையே சொல்லட்டும், பாஸ்போர்ட் எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும். டப்ளின் மட்டுமா, சிறிய ஊரும் சரியா என்பதை அவளே முடிவு செய்யட்டும். டப்ளினில் வீட்டு வாடகை மிக அதிகம், சிறிய ஊரில் அந்தப் பாரம் குறையும். இந்த வரியை மாமா எழுதித் தரக் கூடாது.

இன்னொன்று, அம்மா. குறிப்பிட்ட காலம் வேலை செய்வதாக எழுதிக் கொடுத்த பாண்டுக்காக, அசல் சான்றிதழ்கள் இப்போது வேலை பார்க்கும் மருத்துவமனையிடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பாண்ட் எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடிதத்தில் போடும் ‘சேரக்கூடிய தேதி’ அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும்.