24 மி.மீ. வட்டத்துக்கு ‘ஆர்’, 17 மி.மீ. வட்டத்துக்கு ‘எஸ்’: மடிநோய் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர். இரண்டாம் ஈத்து ஜெர்சி கலப்பினப் பசு, கன்று போட்டு இரண்டு மாதம் ஆகிறது. வலது பின்காம்பில் மடிவீக்கம் வந்து பால் திரிதிரியாக வந்தது. செஃப்ட்ரியாக்சோன் ஊசி மூன்று நாள் போட்டதும் சரியானது. பத்து நாளில் திரும்ப வந்துவிட்டது. மதுரையில் பாலைக் கொடுத்துப் பார்த்தோம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி என்று ரிப்போர்ட். பென்சிலின் 24 ஆர், செஃபாக்ஸிடின் 27 எஸ், ஜென்டாமைசின் 17 எஸ், என்ரோஃப்ளாக்சசின் 25 எஸ், ஆக்ஸிடெட்ராசைக்ளின் 12 ஆர். பென்சிலினையும் ஜென்டாமைசினையும் மாற்றி எழுதிவிட்டார்களா ஐயா? மருந்துக் கடையில் என்ரோ ஊசிதான் போட வேண்டும் என்கிறார்கள். கொழுந்தனார் வீட்டு மாட்டுக்கும் மடி வீங்கியிருக்கிறது. அதற்கும் இதே மருந்து போடலாமா?

பதில்: வணக்கம் அம்மா. மாற்றி எழுதவில்லை. சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், ஆர் என்றால் அடங்காது. அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் உங்கள் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

பாலிலிருந்து கிருமியை முதலில் தனியாக வளர்த்தெடுப்பார்கள். அப்புறம் அதை உப்புத் தண்ணீரில் குறிப்பிட்ட கலங்கலுக்குக் கரைத்து, வட்டத் தட்டில் உறைய வைத்த கூழின் மேல் பஞ்சுக் குச்சியால் ஒரே சீராகப் பூசுவார்கள். அதன்மேல் மருந்து ஊறிய சின்னச் சின்னக் காகித வில்லைகளைத் தள்ளித் தள்ளி வைத்து, ஓர் இரவு முழுக்க உடல் சூட்டில் மூடி வைப்பார்கள். காலையில் பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி பால் ஆடை போலப் படர்ந்திருக்கும். மருந்துக்குப் பயந்த இடத்தில் மட்டும் வில்லையைச் சுற்றி வட்டமாக வெறிச்சோடிக் கிடக்கும். அந்த வட்டத்தின் குறுக்களவுதான் ரிப்போர்ட்டில் வரும் மி.மீ.

இந்த அளவை ஒரு மருந்துக்கும் இன்னொரு மருந்துக்கும் ஒப்பிடக் கூடாது. சில மருந்து ஈரத் துணியில் மை விழுந்த மாதிரி கூழில் வேகமாகப் பரவும், சிலது மெதுவாகத்தான் நகரும். வில்லையில் ஏற்றிய மருந்தின் அளவும் ஒன்றுக்கொன்று வேறு. அதனால் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி எல்லை வைத்திருக்கிறார்கள். இந்தக் கிருமிக்குப் பென்சிலின் வேலை செய்யும் என்று சொல்ல வட்டம் 29 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். உங்கள் மாட்டுக்கு 24தான், ஆகவே ஆர். ஜென்டாமைசினுக்கு 15 இருந்தாலே போதும். 17 வந்திருக்கிறது, ஆகவே எஸ். கடைக்காரர் 25 என்பதைப் பார்த்து என்ரோவைக் கை காட்டியிருப்பார். அந்த மருந்தின் எல்லை 23. எல்லையைத் தாண்டிவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம், ஜென்டாமைசினைவிட எட்டு மி.மீ. பலம் கூடியது என்று அல்ல.

பென்சிலின் ஏன் தோற்றது என்று பாருங்கள், மருந்தைத் தேர்ந்தெடுக்கும் வழி அதில்தான் இருக்கிறது. இந்தக் கிருமிகளில் பல, பென்சிலினை வெட்டிப்போடும் ஒரு நொதியைச் சுரக்கும். அப்படிப்பட்ட கிருமி இருக்கும் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பென்சிலின் வட்டத்தின் ஓரம் மெல்ல மங்கி முடியாமல், கிணற்று விளிம்பு மாதிரி வெட்டென்று நிற்கும். உங்கள் கிருமியும் அந்த ரகமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஏனென்றால் அடுத்த வரியில் செஃபாக்ஸிடினுக்கு 27 எஸ் என்று இருக்கிறது.

செஃபாக்ஸிடினை மாட்டுக்குப் போடச் சொல்லி அந்த வில்லையை வைப்பதில்லை. அது ஒரு குடும்பத்துக்கே அடையாளமாக வைக்கப்படுவது. அதன் எல்லை 22. அதற்கு எஸ் வந்தால், பென்சிலினை வெட்டும் நொதிக்கு அசையாத கிளாக்சாசிலினும், செஃபலெக்சின் போன்ற முதல் தலைமுறை செஃபலோஸ்போரின்களும் இந்தக் கிருமியிடம் வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளலாம். ரிப்போர்ட்டில் கிளாக்சாசிலின் பெயரே இல்லையே என்று கடையில் கேட்டால் இதைச் சொல்லுங்கள். மாறாக அங்கே 21 அல்லது அதற்குக் கீழே வந்து ஆர் என்று இருந்திருந்தால் கதையே வேறு. மெதிசிலினுக்கு அடங்காத ரகம் அது. மற்ற வில்லைகளைச் சுற்றி எவ்வளவு பெரிய வட்டம் தெரிந்தாலும் பென்சிலின், கிளாக்சாசிலின், செஃப்ட்ரியாக்சோன் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். பால் கறப்பவர் கைக்கும் அது தொற்றலாம். நல்லவேளை, உங்கள் மாட்டில் அது இல்லை.

அப்படியானால் செஃப்ட்ரியாக்சோனும் அதே குடும்பம்தானே, ஏன் நோய் திரும்ப வந்தது என்று கேட்பீர்கள். கிருமியைக் கொல்லத் தெரிந்த மருந்துதான் அது. ஆனால் கழுத்தில் போட்ட ஊசியிலிருந்து மடிக்குள் போய்ச் சேர்வது ரொம்பக் கொஞ்சம். மூன்று நாளும் போதாது. இந்தக் கிருமி பால் சுரக்கும் திசுவுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். பால் வெள்ளையாகிவிட்டதே என்று நாம் மருந்தை நிறுத்தும்போது அது உள்ளேதான் இருக்கும். கூழ் தட்டில் மருந்தும் கிருமியும் நேருக்கு நேர் நிற்கின்றன, மடியில் அப்படி இல்லை. எஸ் என்ற எழுத்தை நம்பி ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஜென்டாமைசினை நான் வேண்டாம் என்பதும் இதனால்தான். எஸ் வந்திருந்தும், ஊசியாகப் போட்டால் அது இரத்தத்திலிருந்து மடிக்குச் சரியாகக் கடக்காது. சிறுநீரகத்தில் மட்டும் பல மாதம் தங்கும். என்ரோ மடிக்குள் ஓரளவு நன்றாகவே போகும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வகை மருந்துகளையும் செஃப்ட்ரியாக்சோன் வகையையும் உலக சுகாதார நிறுவனம் மனிதர்களுக்கு மிக முக்கியமானவை என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. எளிய மருந்து ஒன்று வேலை செய்யும் என்று ரிப்போர்ட்டே சொல்லும்போது அவற்றில் கை வைக்கக் கூடாது. ஆக்ஸிடெட்ராசைக்ளின் 12, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஆகவே உங்கள் டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி, கிளாக்சாசிலின் அல்லது செஃபலெக்சின் உள்ள மடி டியூப் எழுதித் தரக் கேளுங்கள். எத்தனை நாள் என்பதை அவர் மடியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்வார். ஐந்து நாளுக்குக் குறையாமல், எட்டு நாள் வரை போவது இந்தக் கிருமிக்கு நல்லது என்பது என் அனுபவம். பால் தெளிந்தாலும் சொன்ன நாள் வரை போட வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்தக் காம்பை ஒட்டக் கறந்துவிட்டு, காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள். பஞ்சு அழுக்கில்லாமல் வரும்வரை புதுப்புதுப் பஞ்சு. டியூப்பின் முனையை முழுதாக நுழைக்காமல் நுனி மட்டும் உள்ளே போகும்படி வைத்து அழுத்துங்கள். ஆழமாகக் குத்தினால் காம்பு வாயின் உள்தோல் புண்ணாகி, வெளிக் கிருமியையும் நாமே உள்ளே தள்ளிவிடுவோம். முடிந்ததும் அயோடின் கரைசலில் காம்பை முக்கி எடுங்கள். இந்த மாட்டைக் கடைசியாகக் கறங்கள். இந்தக் கிருமி ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்கு நம் கை வழியாகத்தான் போகிறது.

ஒரு காம்புக்குத்தான் மருந்து என்று மற்ற மூன்று காம்புப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றிவிடாதீர்கள். மருந்து இரத்தத்தில் கலந்து நான்கு காம்பிலும் வரும். டியூப் அட்டையில் போட்டிருக்கும் விலக்கு நாள் வரை மொத்தப் பாலையும் ஒதுக்க வேண்டும். அட்டையில் எதுவும் இல்லையென்றால் கடைசி டியூப்புக்குப் பிறகு குறைந்தது ஏழு நாள் என்பது நம் நாட்டு விதி. அந்தப் பாலைக் கன்றுக்கும் ஊட்டாதீர்கள், குழி தோண்டிக் கொட்டுங்கள். குறைந்த அளவு மருந்து கன்றின் குடலுக்குப் போய் அங்கே இருக்கும் கிருமிகளைப் பழக்கிவிடும்.

இரண்டாம் ஈத்து, ஒரே காம்பு, நோய் வந்து ஒரு மாதத்துக்குள். குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது. கறந்து முடித்த பின் அந்தக் காம்புக்கு மேல் மடியைப் பிசைந்து பாருங்கள். மாவு போல மெத்தென்று இருந்தால் நல்லது. உள்ளே புளியங்கொட்டை மாதிரி கட்டிகள் உருண்டால், எஸ் வந்த மருந்துகூட அந்தக் கட்டிக்குள் போகாது. அப்போது மேலும் மேலும் செலவு செய்யாமல், பால் வற்றவிடும் நாளில் போடும் நீண்டநாள் கிளாக்சாசிலின் டியூப் பற்றியும், அந்தக் காம்பை மட்டும் வற்றவிடுவது பற்றியும் டாக்டரிடம் பேசுங்கள். எப்படியானாலும் மருந்து முடிந்து 14ஆம் நாளும் 28ஆம் நாளும் அந்தக் காம்புப் பாலை மறுபடி பரிசோதனைக்குக் கொடுங்கள். இந்தக் கிருமி பாலில் விட்டு விட்டுத்தான் வரும், ஒரு தடவை ‘இல்லை’ என்று வந்தால் மட்டும் நம்ப முடியாது.

கொழுந்தனார் வீட்டு மாட்டுக்கு இந்த ரிப்போர்ட் செல்லாது. அங்கே பால் தண்ணீராக வந்து மாட்டுக்குக் காய்ச்சலும் இருந்தால், அது ஈ.கோலை போன்ற சாணக் கிருமியாக இருக்கலாம். அதற்குக் கிளாக்சாசிலின் கொஞ்சமும் உதவாது. காய்ச்சல் இருந்தால் இன்றே டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். 1962க்குப் போன் செய்தாலும் வருவார்கள். எந்த மருந்தும் போடுவதற்கு முன்னால் பாலை எடுத்து வைத்துவிட வேண்டும். ஊசி போட்ட பின் எடுத்தால் தட்டில் கிருமி வளராமல் வெறும் தாள் கைக்கு வரும். கையைக் கழுவி, காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிட்டு, முதல் மூன்று நான்கு பீச்சலைக் கீழே விட்டுவிடுங்கள். ஆய்வகத்தில் தரும் கிருமி நீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடித்து, உதடு காம்பில் படாமல் ஐந்து மி.லி. பிடித்தால் போதும். கழுவின மாத்திரை டப்பா வேண்டாம், அதிலிருந்து நாலைந்து கிருமி வளர்ந்து எது நோய்க் கிருமி என்றே தெரியாமல் போகும். மாட்டின் அடையாளம், எந்தக் காம்பு, ஏற்கெனவே போட்ட மருந்து மூன்றையும் குப்பியில் எழுதி, ஐஸ் வைத்த டப்பாவில் அன்றைக்கே மதுரைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை டாக்டர் தன் கணிப்பில் ஒரு மருந்தைத் தொடங்கலாம், வந்ததும் பார்த்து மாற்றிக்கொள்வார்.