தம்பி நாமினி, மனைவி வாரிசு: 16 லட்சம் யார் கைக்குப் போகும்?

கேள்வி: என் கணவருக்கு 49 வயது. சேமிப்புக் கணக்கில் 4 லட்சம், அதே வங்கியில் டெபாசிட்டாக 12 லட்சம், எல்லாம் அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பு தொடங்கிய கணக்கு என்பதால் கொழுந்தனார்தான் நாமினி. மாற்றச் சொன்னால், “தம்பி தப்பாக நினைப்பான், எப்படியும் பணம் உனக்குத்தானே வரும்” என்கிறார். மாமனார் இல்லை. மாமியார் எங்களோடு இருக்கிறார். மகள் கல்லூரியில், மகன் ஒன்பதாவது. அவர் சொல்வது சரியா? – வாசகி, ஈரோடு

பதில்: பாதி சரி. ஆனால் அந்தப் பாதியை நம்பி இருக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. உங்கள் கணவர் நல்லபடியாக இருக்கும்போதே இதைக் கேட்டிருக்கிறீர்கள். இப்போது ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை இது.

நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை உள்ளவர். அந்தப் பணம் யாருக்குச் சொந்தம் என்பது வேறு சட்டம், வாரிசுரிமைச் சட்டம். வங்கி டெபாசிட்டில் நாமினி வாங்குவது வாரிசுகளுக்காகத்தான் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் கொழுந்தனாருக்கு அந்த 16 லட்சத்தில் சொந்தமாக ஒரு ரூபாய் கூடக் கிடையாது.

அப்புறம் என்ன பயம்? நடைமுறையில் நடப்பதைப் பாருங்கள். கணவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டால், கொழுந்தனார் கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், தன் அடையாள அட்டை மூன்றையும் கொண்டுபோய் வங்கியில் கொடுப்பார். வாரிசுச் சான்றிதழ் கேட்கமாட்டார்கள், உங்கள் கையெழுத்தும் வேண்டாம். தாள்கள் சரியாக இருந்தால் 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. “நான்தான் மனைவி, அவரிடம் கொடுக்காதீர்கள்” என்று நீங்கள் மேலாளரிடம் எழுதிக் கொடுத்தாலும், சட்டப்படி வங்கி அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. நீதிமன்ற உத்தரவு ஒன்றுதான் தடுக்கும். இழவு விழுந்த வீட்டில் பதினைந்து நாளுக்குள் வக்கீலைத் தேடி யார் அலைவது? பணம் கைமாறிய பிறகு வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. அதன்பின் உங்கள் வழக்கு கொழுந்தனார் மேல்தான். அவர் நல்லவராக இருந்தால் அன்றே கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் அவருக்கும் கடன் இருக்கலாம், அவர் வீட்டிலும் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லலாம்.

இனி உங்கள் கணவர் சொன்ன இன்னொரு பாதி, “பணம் உனக்குத்தானே” என்பது. இதிலும் திருத்தம் உண்டு. நீங்கள் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆணின் முதல் வரிசை வாரிசுகள் மனைவி, பிள்ளைகள், தாய். உங்கள் வீட்டில் நான்கு பேர், ஆளுக்கு 4 லட்சம். உங்கள் பங்கு கால்வாசிதான். மாமியாரின் 4 லட்சம் அவர் காலத்துக்குப் பிறகு, அவரும் உயில் எழுதாவிட்டால், அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் பிரியும். கொழுந்தனாருக்கு உண்மையில் ஏதாவது வரும் என்றால் அந்த வழியாகத்தான் வரும். மாமியாருக்குப் பங்கு இருப்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. வயதான காலத்தில் அவருக்கும் ஒரு பிடிப்பு வேண்டும். பெரும்பாலான மனைவிகளுக்கு இது தெரியாமல் போய், பிறகு மாமியாரோடு மனக்கசப்பு வருகிறது என்பதால் சொல்கிறேன். (கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்குப் பங்கில்லை. முஸ்லிம் குடும்பங்களுக்கு அவர்களுடைய தனிச்சட்டம்.)

சரி, என்ன செய்வது? முதலில் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். பல பாஸ்புக்குகளில் “நாமினேஷன் பதிவு செய்யப்பட்டது” என்று மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. என்னிடம் வந்த ஒரு பெண்மணி அந்த வரியைப் பார்த்து, தன் பெயர்தான் பதிவாகியிருக்கிறது என்று பதினோரு வருடம் நம்பியிருந்தார். கிளையில் கேட்டபோது இருந்தது காலமாகிவிட்ட மாமனார் பெயர். எனவே பெயரையே அச்சடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். டெபாசிட் ரசீதுகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நாமினி கணக்குக்குக் கணக்கு தனி. சேமிப்புக் கணக்கில் மாற்றினால் டெபாசிட்டில் தானாக மாறாது. டெபாசிட் தானாகப் புதுப்பிக்கப்படும்போது பழைய நாமினியே தொடர்வார்.

மாற்றுவது சுலபம். கிளையிலேயே படிவம் இருக்கிறது, பல வங்கிகளின் செயலியிலும் முடியும். கையெழுத்துப் போடுபவருக்குச் சாட்சி தேவையில்லை. கைநாட்டு வைத்தால்தான் இரண்டு சாட்சிகள். பழைய நாமினிக்குத் தெரிவிக்கவோ அவரிடம் சம்மதம் வாங்கவோ வேண்டியதில்லை. படிவம் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பி வராதீர்கள்.

தம்பி மனம் நோகுமே என்ற உங்கள் கணவரின் கவலைக்கும் இப்போது வழி இருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். இதில் இரண்டு முறை உண்டு. ஒன்று, எல்லோருக்கும் சதவீதம் குறிப்பிட்டு ஒரே நேரத்தில் கொடுப்பது. மொத்தம் 100 வர வேண்டும். மற்றது வரிசை முறை. முதல் ஆள் இல்லாவிட்டால்தான் இரண்டாவது ஆளுக்கு, அவரும் இல்லாவிட்டால் மூன்றாவது ஆளுக்குப் போகும். உங்களுக்கு நான் வரிசை முறையைத்தான் சொல்வேன். முதலில் நீங்கள், அடுத்து மகள், மூன்றாவதாகக் கொழுந்தனார். அவர் பெயரும் இருக்கும், நெருக்கடியில் பணம் உங்கள் கைக்கும் வரும். மகன் மைனர் என்பதால், அவனையும் சேர்த்தால் அவனுக்காகப் பணம் வாங்கிக்கொள்ளும் பெரியவர் ஒருவர் பெயரையும் குறிப்பிட வேண்டும்.

சேமிப்புக் கணக்கை மட்டும் உங்கள் இருவர் பெயரிலும், ‘இருவரில் எவரேனும் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறைக்கு மாற்றிவிடுங்கள். மருத்துவமனை பில்லுக்கும் காரியச் செலவுக்கும் நாமினி நடைமுறை முடியும்வரை காத்திருக்க முடியாது. கூட்டுக் கணக்கில் ஒருவர் மறைந்தால் பணம் மற்றவருக்கு. இருவரும் இல்லாதபோதுதான் நாமினியின் முறை வரும். தனிக் கணக்காகவே வைத்துக்கொண்டு, அவருடைய ஏடிஎம் கார்டை வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இறந்தவரின் கார்டிலோ ஃபோனிலோ பணம் எடுப்பது தவறு. மற்ற வாரிசுகள் கணக்குக் கேட்டால், எடுத்த தேதியும் நேரமும் அறிக்கையில் இருக்கும்.

இவ்வளவு செய்தாலும் மாறுவது யார் கையில் பணம் வரும் என்பது மட்டும்தான். நீங்கள் நாமினியாக 16 லட்சம் வாங்கினாலும் அதில் மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள பங்கு அப்படியே இருக்கும். யாருக்கு எவ்வளவு என்பதைத் தானே தீர்மானிக்க வேண்டுமென்று கணவர் விரும்பினால், உயில் எழுத வேண்டும். வெள்ளைத் தாள் போதும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அவர் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட வேண்டும். பங்கு பெறுபவரைச் சாட்சியாக வைக்க வேண்டாம். பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்தால் பின்னால் சந்தேகம் எழுப்புவது கடினம். மாமியாரின் மருத்துவச் செலவுக்கென ஒரு டெபாசிட்டைத் தனியாக அதில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கொழுந்தனாரிடம் உங்கள் கணவரே பேசட்டும், மாற்றுவதற்கு முன்பே. “உன் பெயரில் இருந்தால் நாளைக்கு நீதான் நாலு பேருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்” என்று சொன்னால் போதும், அது முழு உண்மையும் கூட.