டப்பாவை மாற்றினால் வண்டு போகுமா?

கேள்வி: "எங்கள் வீடு கடலூரில், கடற்கரைக்குப் பக்கம். ஐப்பசி பிறந்தால் போதும், கோதுமை மாவிலும் ரவையிலும் வண்டு, பாசிப்பயறில் ஓட்டை, சர்க்கரையில் எறும்பு. போன மாதம் நல்ல ஏர்டைட் டப்பாக்களாகப் பார்த்து வாங்கினேன். அப்படியும் வந்துவிட்டது. அரிசி மூட்டைக்குப் போடும் மாத்திரையில் ஒன்றைத் துணியில் முடிந்து பருப்பு டிரம்முக்குள் போடச் சொல்கிறார் மளிகைக் கடைக்காரர். போடலாமா?" – ஒரு வாசகி, கடலூர்

பதில்: போடாதீர்கள். மாவு, பயறு, சர்க்கரை எல்லாம் அப்புறம். முதலில் இந்த மாத்திரையைப் பேசி முடித்துவிடுவோம்.

கடைக்காரர் சொல்வது அநேகமாக அலுமினியம் பாஸ்பைடு. அது பூச்சியை நேராகக் கொல்லும் மருந்தே அல்ல. காற்றில் இருக்கும் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற வாயுவை விடும், அந்த வாயுதான் கொல்லும். பூச்சியை மட்டும் பார்த்துக் கொல்ல அதற்குத் தெரியாது. மனிதர்களுக்கும் அது கடும் விஷம், மாற்று மருந்தும் கிடையாது. கிடங்கில் மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் மணல் பை வைத்து அடைத்து, நாள்கணக்கில் யாரும் அண்டாமல் பூட்டி வைத்து, பிறகு காற்றாட விட்டுத்தான் திறப்பார்கள். உங்கள் டிரம் நிற்கும் இடத்துக்கு அடுத்த அறையில் குழந்தை தூங்கும். தானிய மூட்டையில் போட்ட மாத்திரையால் இரவோடு இரவாகக் குடும்பமே உயிரிழந்த செய்தி நம் நாட்டில் திரும்பத் திரும்ப வந்துகொண்டேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் ஈரம் கூடுதல் என்பதால் வாயு இன்னும் வேகமாக வரும். துணியில் முடிந்தால், வாயு போனபின் மாத்திரையில் மிஞ்சும் சாம்பல் பருப்பில் கலக்காது, அவ்வளவுதான். வாயுவுக்குத் துணி ஒரு தடையா?

பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் இதை விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் சோப்பு, சீப்பு மாதிரி சில்லறையில் கிடைக்கிறது. இதைப் பற்றி நான் எழுதாத மனு இல்லை. ஒரு அலுவலகத்தில் "கடையின் பெயரும் பில்லும் கொண்டு வாங்க" என்றார்கள். இதற்கு எந்தக் கடைக்காரர் பில் போடுவார்? ஏற்கெனவே வாங்கி வந்துவிட்டீர்கள் என்றால் பிரிக்காதீர்கள், தண்ணீரிலோ சாக்கடையிலோ போடாதீர்கள். நனையாமல் வீட்டுக்கு வெளியே, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

சரி, உங்கள் புது டப்பாவுக்கு வருவோம். வண்டு வெளியிலிருந்து டப்பாவுக்குள் நுழைகிறது என்று நினைத்துத்தான் டப்பாவை மாற்றுகிறோம். எறும்புக்கு அது சரி. வண்டு பெரும்பாலும் நீங்கள் வாங்கி வரும் பொருளுக்குள்ளேயே உட்கார்ந்து வருகிறது. பாசிப்பயறைப் பாருங்கள். பயறு வண்டு வயலிலேயே, காய் செடியில் முற்றும்போதே, முட்டை வைக்க ஆரம்பித்துவிடும். புழு பயறைத் துளைத்து உள்ளே போய், அங்கேயே தின்று, வண்டாகி, வட்டமாக ஒரு ஓட்டை போட்டு வெளியே வரும். நம் ஊர்ச் சூட்டில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம். ஆகவே நீங்கள் போன மாதம் டப்பாவில் கொட்டியபோது பயறு பளபளவென்றுதான் இருந்திருக்கும், வண்டு உள்ளே இருந்திருக்கும். டப்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

வாங்கிய அன்றே இதைக் கண்டுபிடிக்கலாம். ஒரு கைப்பிடிப் பயறைத் தட்டில் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். குண்டூசித் தலையைவிடச் சின்னதாக, பால் சொட்டுக் காய்ந்தது போல ஒரு வெள்ளைப் புள்ளி தோலில் ஒட்டியிருந்தால் அதுதான் முட்டை. மாவுத் தூசி என்றால் விரலால் தேய்த்தால் போய்விடும், முட்டையை நகத்தால் சுரண்ட வேண்டும். ஒரு கைப்பிடியில் நாலைந்து தென்பட்டாலே அந்தப் பையை நம்ப வேண்டாம். பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதியையும் நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் பாக்கெட்டில் அடைத்த தேதி. அதற்கு முன் அந்தப் பயறு எந்தக் கிடங்கில் எத்தனை மாதம் கிடந்தது என்று யாரும் அச்சடிப்பதில்லை, கேட்பாரும் இல்லை.

இதற்கு வீட்டில் செய்யக்கூடிய உறுதியான வேலை ஃப்ரீசர். அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கெட்டியான கவரில் கட்டி உள்ளே வையுங்கள். மைனஸ் 18 டிகிரி வரும் ஃப்ரீசரில் 4 நாள் போதும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டி அவ்வளவு குளிராது, திறந்து மூடிக்கொண்டும் இருப்போம். அதனால் ஒரு முழு வாரம் வையுங்கள். முட்டை, புழு, வண்டு எல்லாம் செத்துவிடும்.

ஆனால் எடுக்கும்போதுதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கவரை உடனே பிரித்தால், கார்த்திகை மாதத்து ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த பயறில் பட்டு வியர்க்கும். குளிர்ந்த சொம்புக்கு வெளியே முத்து முத்தாக நீர் கோக்குமே, அதே கதைதான். அந்த ஈரத்தோடு டப்பாவில் போட்டால் வண்டுக்குப் பதில் பூஞ்சணம் வரும். கவரைப் பிரிக்காமல் மேசையில் வைத்து, ஆறு மணி நேரம் கழித்து, கையில் குளிர்ச்சி தெரியவில்லை என்றால் பிரியுங்கள். ராத்திரி எடுத்து வைத்தால் காலையில் பிரிக்கலாம்.

பயறைச் சூடாக்கினாலும் பூச்சி சாகுமே என்பீர்கள். சாகும். பொங்கலுக்கும் பாயசத்துக்கும் என்றால் வெறும் வாணலியில் வறுத்து, ஆறவைத்து மூடுங்கள், ஃப்ரீசரே வேண்டாம். ஆனால் முளைகட்டுவதற்கென்று வைத்திருக்கும் பயறை வறுக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பயறுக்கு உயிர் இருந்தால்தான் முளைக்கும். லேசாகத்தானே வறுத்தேன் என்று சொல்லிவிட்டு, ஈரத்துணியில் கட்டி இரண்டு நாள் காத்திருந்து, கடைசியில் புளித்த நாற்றத்தோடு கொட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலும் நடந்தது. ஃப்ரீசரில் அந்தக் கவலை இல்லை, நன்றாகக் காய்ந்த பயறு அந்தக் குளிரைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் ஊறவைத்த பயறு தாங்காது. தோட்டத்தில் விதைக்க வைத்திருப்பதற்கும் இதே கணக்குத்தான்.

ஃப்ரிட்ஜே இல்லை என்றால் எண்ணெய். ஒரு கிலோ முழுப் பயறுக்கு இரண்டு சின்ன ஸ்பூன் நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ விட்டு, ஒவ்வொரு மணியும் மினுங்கும்வரை கையால் பிசறுங்கள். எண்ணெய் பூசிய துவரம்பருப்பு கடைகளில் விற்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான். தோலின் மேல் இருக்கும் முட்டை மூச்சு முட்டிச் சாகும். உள்ளே போய்விட்ட புழுவை எண்ணெய் ஒன்றும் செய்யாது, அதனால் ஓட்டை விழுந்த பயறில் பிசறிப் புண்ணியமில்லை. இரண்டு மூன்று மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் சிக்கு வாடை வரும். உடைத்த பருப்பை இந்த வண்டு அவ்வளவாக விரும்பாது. அதனால் மழைக்காலத்துக்கு முழுப் பயறைக் குறைத்து உடைத்த பருப்பாக வாங்கிக்கொள்வதும் ஒரு வழி.

மாவு வேறு கதை. அங்கே வருவது சிவப்பு மாவு வண்டு. முழுத் தானியத்தைத் துளைக்கும் திறமை அதற்குக் கிடையாது, அரைத்துக் கொடுத்தால் தின்னும். மாவு மில்லில் இயந்திரத்தின் மூலை முடுக்குகளில் முந்தைய ஆளின் மாவும் அதற்கு முந்தைய வாரத்தின் மாவும் தங்கியிருக்கும். அந்த வண்டு அங்கேதான் குடும்பம் நடத்துகிறது. அதனால் உங்கள் கோதுமை விழும்போது முதலில் வரும் இரண்டு கைப்பிடி மாவைத் தனியாகப் பிடித்து, மாட்டுக்கோ கோலத்துக்கோ கொடுத்துவிடுங்கள். மில்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மில்லிலிருந்து வரும் மாவு கை சுடும். அப்படியே அடைத்தால் மூடியின் உள்பக்கம் வியர்த்து, சொட்டிய இடத்தில் கட்டி தட்டும். சுத்தமான வேட்டியில் மெல்லியதாகப் பரப்பி, ஃபேனுக்கடியில் சூடு போகும்வரை மட்டும் வையுங்கள். மழை நாளில் அதற்கு மேல் விட்டால் மாவு காற்றிலிருந்து ஈரம் குடிக்க ஆரம்பிக்கும். அப்புறம் மிக முக்கியமானது, பழைய மாவின் மேல் புது மாவைக் கொட்டாதீர்கள். டப்பாவைக் காலி செய்து, கழுவி, மூடியின் மரையில் ஒட்டிய மாவைக் குச்சியால் எடுத்து, எலும்பாகக் காய்ந்த பிறகு நிரப்புங்கள். இந்த வண்டுக்கும் முட்டையிலிருந்து வளர ஏறக்குறைய ஒரு மாதம் வேண்டும். 15 நாளைக்கு ஆகும் மாவை மட்டும் அரைத்து, முடித்து, டப்பாவைக் கழுவினால் அது பெருகவே வழியில்லை. ரவையை வறுத்து வைக்கலாம். சப்பாத்தி மாவை வறுத்தால் இழுவை போய்விடும், வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் கொஞ்சம் மாவைத் தட்டில் கொட்டி, கரண்டியின் முதுகால் மழமழவென்று தடவி வைத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். மேலே நூல் ஓடியது போலக் கோடு விழுந்திருந்தால் அடியில் புழு நடக்கிறது. ஓரிரண்டு என்றால் சலித்துச் சீக்கிரம் பயன்படுத்தலாம். மாவு இளஞ்சிவப்பு ஓடி, மூக்கில் ஏறும் மருந்து வாடை வந்தால் சலித்தும் பயனில்லை. அது வண்டு உடலிலிருந்து சுரந்து விடும் திரவத்தின் வாடை, கொட்டிவிடுங்கள். வேப்பிலையைப் பச்சையாகப் போடச் சொல்வார்கள். அதிலிருந்து வரும் ஈரம்தான் மாவில் சேரும்.

சர்க்கரைக்கு எறும்பு. மழையில் புற்று நனைந்ததும் அவை வீட்டைத் தேடி வருகின்றன. ஸ்பூனில் ஈரம் பட்டு, டப்பாவின் வெளி விளிம்பில் பிசுபிசுப்பாக உறைந்திருக்கும் சர்க்கரைதான் முதல் அழைப்பு. ஒன்று வந்தால் வழியில் வாடை போட்டு மற்றதைக் கூட்டி வரும். வரிசையைத் துரத்தினால் போதாது, வந்த வழி முழுவதையும் சோப்புத் தண்ணீரால் துடைத்தால்தான் அந்தக் கோடு அழியும். எறும்புச் சாக்பீஸை டப்பா வைக்கும் அலமாரியில் கிழிக்காதீர்கள். அதுவும் பூச்சிமருந்துதான். டப்பாவின் அடியில் ஒட்டி, உங்கள் கைக்கு வந்து, ஸ்பூனுக்குப் போகும். குழந்தைகள் பலப்பம் என்று எடுப்பதும் உண்டு.

பாட்டி காலத்துத் தண்ணீர்த் தட்டே போதும். அகலமான தட்டில் தண்ணீர் விட்டு, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் டப்பாவை வையுங்கள். டப்பா சுவரில் உரசக் கூடாது. உரசினால் சுவரே பாலம். இரண்டு நாளில் தண்ணீர் மேல் தூசி படியும், சின்ன எறும்பு அதன் மேலேயே நடந்து போய்விடும். ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டால் அதனால் நடக்க முடியாது. டெங்கு கொசு முட்டையிடுவதும் வீட்டுக்குள் தேங்கும் இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான். அதனால் மூன்று நாளைக்கு ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள். வெறுமனே மேலே ஊற்றி நிரப்பினால் ஓரத்தில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும்.