லண்டன் போகுமுன் இராஜினாமாக் கடிதம் கேட்டால்

"அண்ணா, களுவாஞ்சிகுடிதான் ஊர். கொழும்பில சொஃப்ட்வெயார் கம்பனியில நாலு வருசமா வேலை செய்றன். லண்டன் கிளைக்கு ரெண்டு வருசம் அனுப்புறாங்களாம், அலவன்ஸும் தருவாங்களாம். கையெழுத்து வைக்க முதல் என்னத்தப் பாக்கணும்?"

தம்பி, லண்டனில் இருக்கும்போது நீ யாருடைய ஊழியன் என்பதை முதலில் கேள். கொழும்புக் கம்பனியின் ஊழியனாகவே அங்கு போவது ஒரு வகை. கொழும்பில் இராஜினாமா செய்துவிட்டு லண்டன் கிளையில் புதிதாகச் சேர்வது இன்னொரு வகை. இரண்டையும் அவர்கள் 'ஒன்சைட்' என்றுதான் சொல்வார்கள்.

எனக்கு நடந்தது இரண்டாவது. விசாவுக்கான தாள்களோடு இராஜினாமாக் கடிதத்தையும் நீட்டினார்கள், நானும் கையெழுத்து வைத்தேன். அதற்கு முன் உன்னைப் போல நாலு வருட சேவை இருந்தது. லண்டனில் இரண்டு வருடம் முடித்துத் திரும்பியதும் புதிய நியமனக் கடிதம் தந்தார்கள். இன்னும் இரண்டு வருடம் வேலை செய்து விலகியபோது பணிக்கொடை ஒரு சதமும் இல்லை. ஐந்து வருடம் முடித்தவருக்குத்தான் அது சட்டப்படி உரித்து, என் சேவையோ இடையில் அறுந்துவிட்டது. அறாமல் இருந்திருந்தால் எட்டு வருடத்துக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளப்படி, நாலு மாதச் சம்பளம் வந்திருக்கும். இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

ஈபிஎஃப், ஈடிஎஃப் பணமும் அப்படித்தான். கம்பனி போடும் பங்கு 12 வீதமும் 3 வீதமும். அடிப்படைச் சம்பளம் இரண்டு லட்சம் என்றால் மாதம் 30,000 ரூபாய், 24 மாதத்துக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம். இராஜினாமா செய்தால் அது நின்றுவிடும். லண்டனில் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ப்பார்கள்தான், ஆனால் உன் வயதுக்காரர் அந்தப் பணத்தை 57 வயதுக்கு முன் எடுப்பது கஷ்டம்.

அலவன்ஸைப் பற்றிக் கேட்கும்போது, வரி கழித்துக் கையில் வருவது எவ்வளவு என்று கேள். தற்காலிகமாக அனுப்பப்பட்டவருக்குக் கம்பனி கொடுக்கும் வீட்டு வாடகைக்கு அங்கே வரிவிலக்கு கிடைக்கலாம். அந்த வேலை 24 மாதத்துக்கு மேல் நீளும் என்று தெரிந்த நாளிலிருந்து அது இல்லை. லண்டன் கிளையிலேயே புதிதாகச் சேர்ந்தவருக்குப் பெரும்பாலும் முதலிலிருந்தே இல்லை. ஆகவே உன் கடிதத்தில் காலம் எப்படி எழுதியிருக்கிறது என்று பார். 'தேவைப்பட்டால் நீட்டிக்கப்படும்' என்று இருந்தால், அதன்பின் வரும் வரியை யார் கட்டுவது என்றும் எழுதச் சொல்லு.

குடும்பத்தோடு போவதென்றால் விசாவோடு சுகாதாரக் கட்டணமும் உண்டு. பெரியவருக்கு வருடம் 1,035 பவுண், பிள்ளைக்கு 776. நீ, மனைவி, ஒரு பிள்ளை என்றால் இரண்டு வருடத்துக்கு 5,692 பவுண், அதுவும் முன்கூட்டியே. கம்பனி உனக்கு மட்டும் கட்டினால் மிச்சம் உன் தலையில்தான்.

திரும்பி வருவது பற்றி வாய்ச்சொல் போதாது. சேவை தொடர்ச்சியாகக் கணிக்கப்படும், இதே தரத்துக்குக் குறையாத பதவியில் கொழும்பில் சேரலாம், வாடிக்கையாளர் வேலையை இடையில் நிறுத்தினாலும் இது பொருந்தும், குடும்பத்தின் ரிக்கற் கம்பனி செலவு: இந்த நாலும் கடிதத்தில் வரவேண்டும். இராஜினாமாக் கடிதம் கேட்டால், கையெழுத்து வைக்காமல் கொப்பி ஒன்றை வாங்கி எனக்கு அனுப்பு.