கடலில் விழுந்த ஜிபிஎஸ்

கேள்வி: பல வருடங்கள் சேர்த்த ஒன்றை ஒரே நொடியில் இழந்தவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா? அவர் பிறகு என்ன செய்தார்?

என் அப்பாவைப் பார்த்திருக்கிறேன். முட்டம் பக்கம் ஃபைபர் வள்ளத்தில் தூண்டில் தொழில் செய்கிறவர். ஒருநாள் விடியற்காலை நங்கூரக் கயிற்றை இழுக்கக் குனிந்தபோது, சட்டைப்பையில் இருந்த ஜிபிஎஸ் நழுவிக் கடலில் விழுந்து மூழ்கிவிட்டது. பன்னிரண்டு வருடங்களாக ஒவ்வொன்றாகக் குறித்துவைத்த, மீன் கிடைக்கும் 140 இடங்கள் அதற்குள் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை. கணினியில் ஏற்றிவைக்கிறேன் என்று நான் கேட்டபோதெல்லாம் மறுத்துவிட்டார். ஒரு பார் இருக்கும் இடம் வெளியே தெரிந்தால் மறுநாளே பத்து வள்ளங்கள் அங்கே நிற்கும் என்ற பயம். வேறு வள்ளம் அருகில் வந்தாலே திரையைக் கையால் மூடிக்கொள்வார்.

கடலடியில் இருக்கும் பாறைத் திட்டைத்தான் நாங்கள் பார் என்கிறோம். கலவாவும் விளமீனும் அதை ஒட்டியே கிடக்கும். ஐம்பது மீட்டர் விலகினாலும் தூண்டில் வெறும் மணலில் இறங்கிவிடும்.

இரண்டு நாள் அவர் கடலுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள், கரையில் தெரியும் அடையாளங்களை வைத்துக் கடலில் இடம் கண்டுபிடிக்கத் தாத்தா சொல்லிக்கொடுத்த கணியத்தை நம்பி என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கள் ஊர்க் கோயில் கோபுரம் பின்னால் தெரியும் இரண்டு மலைகளின் நடுப்பள்ளத்துக்கு நேராக வரும்வரை வள்ளத்தை நகர்த்தினார். அது ஒரு கோடு. அதைவிட்டு விலகாமல் வெளியே போகப் போக, பக்கவாட்டில் தெரிந்த கலங்கரை விளக்கம் மெல்ல நகர்ந்து தொலைவில் ஒரு மலையுச்சிக்கு நேராக வந்தது. அது இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் ஈயக்குண்டை இறக்கினார். மெத்தென்று அமர்ந்தது, மணல். கொஞ்சம் மேற்கே தள்ளி மறுபடி இறக்கியதும் கயிற்றின் வழியே விரலில் 'டக்' என்று தட்டியது. என் கையை இழுத்து அந்தக் கயிற்றின் மேல் வைத்தார்.

கரையோரப் பார்கள் பலவும் இப்படித் திரும்பக் கிடைத்தன. ஆனால் மலைகள் கண்ணுக்கு மறையும் தூரத்தில் கணியம் உதவாது. அங்கே இருந்த ஒரு பெரிய பாரை என் மாமாவும் அறிவார். யாரிடமும் சொல்லாத அவர், சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எண்களை எழுதிக் கொடுத்தார். அட்சரேகை N 7°48.500' என்று இருந்தது. புதிய கருவியோ டிகிரி, நிமிடம், விநாடி என்று கேட்டது. அப்பா 48 நிமிடம் 50 விநாடி என்று பதிந்துவிட்டார். அன்று பகல் முழுவதும் ஈயம் மணலையே தொட்டது. மாமா தவறாகக் கொடுத்துவிட்டாரோ என்று அவருக்குச் சந்தேகம்கூட வந்தது.

இரவு நான் அட்டையைப் பார்த்தேன். .500 என்பது அரை நிமிடம், அதாவது 30 விநாடி. அந்த 20 விநாடி வித்தியாசம் கடலில் அறுநூறு மீட்டருக்கு மேல். அமைப்பை மாற்றி அட்டையில் இருந்தபடியே பதிந்தேன்.

மறுநாள் முதல் முறை இறக்கியதுமே ஈயம் பாறையில் தட்டியது. அப்பா இடத்தைக் கருவியில் பதிந்துவிட்டு, எண்களை உரக்கச் சொன்னார். நான் நோட்டில் எழுதினேன்.