ஆப்பை நீக்கிய பிறகும் வாரம் 199 ரூபாய் போகிறதே?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மூன்று நாள் இலவசம் என்று ஒரு போட்டோ ஆப் போட்டேன். பிடிக்கவில்லை, அன்றைக்கே டெலீட் பண்ணிவிட்டேன். இரண்டு மாதமாக யூபிஐ கணக்கிலிருந்து வாரம் 199 ரூபாய் போகிறது. நேற்றும் போயிருக்கிறது. பிளே ஸ்டோரில் தேடினால் சந்தா எதுவும் இல்லை என்கிறது. என்ன செய்வது?

பதில்: பேப்பர் போடும் ஏஜென்டிடம் சொல்லாமல் படிப்பதை மட்டும் நிறுத்தினால் மாதக் கணக்கு நிற்குமா? அதே கதைதான். இலவச நாட்களைத் தொடங்கியபோது யூபிஐ பின் போட்டீர்களே, அந்த அனுமதி போனில் இருந்த ஆப்புக்குக் கொடுத்தது அல்ல, உங்கள் கூகுள் கணக்கின் பேரில் பிளே ஸ்டோருக்குக் கொடுத்தது. பணத்தை வசூலிப்பதும் பிளே ஸ்டோர்தான். ஆப் போனில் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. ஒன்பது வாரம் என்றால் 1,791 ரூபாய். ஒரு வருடம் கவனிக்காமல் விட்டால் 10,348.

'சந்தா இல்லை' என்று காட்டுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: நீங்கள் வேறு கணக்கில் தேடுகிறீர்கள். போன் வாங்கும்போது கடைக்காரப் பையன் ஒரு மின்னஞ்சல் திறந்து கொடுத்திருப்பான், பிறகு நீங்களே ஒன்று தொடங்கியிருப்பீர்கள். சந்தா எந்தக் கணக்கில் ஆரம்பித்ததோ அதில் மட்டும்தான் தெரியும். போனில் உள்ள ஒவ்வொரு மின்னஞ்சலிலும் GPA என்று தொடங்கும் ஆர்டர் எண்ணைத் தேடுங்கள். பிளே ஸ்டோர் ரசீது எதில் வந்திருக்கிறதோ அதுதான் கணக்கு.

பிளே ஸ்டோரில் மேலே வலப்பக்கம் உள்ள வட்டப் படத்தைத் தொட்டு அந்தக் கணக்குக்கு மாறுங்கள். அப்புறம் Payments & subscriptions, அதில் Subscriptions, ஆப்பின் பெயர், Cancel subscription. ஏன் என்று கேட்கும், ஏதாவது ஒன்றைத் தொட்டு நகருங்கள். ரத்தான பிறகும் கட்டிய வாரம் முடியும்வரை சேவை இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

நேற்றைய 199-ஐ இன்றே கேளுங்கள். பணம் போன 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே திரும்பக் கேட்கலாம், தருவதும் மறுப்பதும் அவர்கள் முடிவு. பழைய எட்டு வாரத்துக்கு ஆப் தயாரித்தவர்களுக்குத்தான் எழுத வேண்டும். வந்தால் லாபம், நான் அதை நம்பிக் கணக்குப் போட மாட்டேன்.

யூபிஐ ஆப்பில் ஆட்டோபே அனுமதியை ரத்து செய்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அதனால் அந்த ஒரு வழிதான் அடைபடும். பிளே ஸ்டோரில் மாற்று வழியாக கார்டையும் சேர்த்திருந்தால் பணம் அதிலிருந்து போகலாம். அதனால் முதலில் சந்தா, பிறகு ஆட்டோபே.

இன்னொன்று. ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படிப்பட்ட பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வந்தாக வேண்டும். பழைய மெசேஜ்களைப் புரட்டுங்கள், விளம்பரங்களுக்கு நடுவே வாரம் ஒன்று கிடக்கும்.